கோப்பை நீட்டும் குதிரைவீரன்: வாக்கா, வாய்ஜாலமா?

டாரட் சீட்டு விரிப்பில் கடைசியாக ‘நைட் ஆஃப் கப்ஸ்’ விழுந்தால் கேட்டவர் முகம் மலர்ந்துவிடும். அழகான இளைஞன், வெள்ளைக் குதிரை, நீட்டிய கையில் ஒரு கோப்பை. ‘அவர் வருவார், சொன்னதைச் செய்வார்’ என்று பலன் சொல்பவர்களும் அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். அது அவசரம்.

இன்று பெரும்பாலோர் கையில் இருப்பது, ஆர்தர் எட்வர்ட் வெயிட் வகுத்து, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்து, 1909-ல் லண்டனில் வெளியான சீட்டுக்கட்டு. அதில் நான்கு குதிரைவீரர்கள் உண்டு. வாள்வீரன் பாய்ந்து போகிறான், கோல்வீரனின் குதிரை முன்கால் தூக்குகிறது, நாணயவீரனுடையது அசையாமல் நிற்கிறது. கோப்பைக்காரன் மட்டும் மெல்ல நடந்து வருகிறான். எதிரே ஒரு ஆறு. இன்னும் அதைக் கடக்கவில்லை. நேராக விழுந்தால் வருகை, அழைப்பு, முன்மொழிவு என்றும், தலைகீழாக விழுந்தால் தந்திரம், மோசடி என்றும் வெயிட் பொருள் தருகிறார். நேரான நிலையிலும் அவனைக் கனவு காண்பவன் என்றே சொல்கிறார். ஆக, சீட்டு காட்டுவது ஒருவர் கேட்க வருவதைத்தான். கேட்டதை நிறைவேற்றுவது படத்தில் இல்லை.

பத்துச் சீட்டு ‘கெல்டிக் கிராஸ்’ விரிப்புக்கு வெயிட் ஒரு விதி வைத்திருக்கிறார். பத்தாவது சீட்டாக ராஜா, ராணி, வீரன், பணியாள் போன்ற ஆள்சீட்டு வந்தால், விஷயம் அந்த ஆளின் கைக்குப் போய்விட்டது. முடிவு பெரும்பாலும் அவரைப் பொறுத்தது. அந்தச் சீட்டையே நடுவில் வைத்து மறுபடி விரிக்கச் சொல்கிறார். பலர் தவறவிடும் விதி இதுதான்.

ஒரு பெண், “கடையில் பங்காளியாகச் சேர்த்துக்கொள்கிறேன் என்றாரே, நம்பலாமா?” என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். பத்தாமிடத்தில் கோப்பைக்காரன். ஆசையையும் அச்சத்தையும் சொல்லும் ஒன்பதாமிடத்தில், மேகத்தில் மிதக்கும் ஏழு கோப்பைகள் கொண்ட ‘செவன் ஆஃப் கப்ஸ்’. விரிப்பில் பணத்தையும் உழைப்பையும் குறிக்கும் பென்டக்கிள்ஸ் ஒன்றுகூட இல்லை. இதை வெறும் கவர்ச்சி என்றே படிப்பேன். அதே விரிப்பில், அடுத்து வருவதைக் காட்டும் ஆறாமிடத்தில் ‘த்ரீ ஆஃப் பென்டக்கிள்ஸ்’ இருந்தால் பேச்சே வேறு. அதில் கல்தச்சர் வேலை செய்கிறார், எதிரே வரைபடத்தோடு இருவர் நிற்கிறார்கள். வாய்ப்பேச்சு வேலையாக மாறும் அறிகுறி அது.

சீட்டு எதிர்காலத்தை அறியும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. யோசிக்க ஒரு சட்டகம் தருகிறது, அவ்வளவே. அதனால் அந்தப் பெண்ணுக்கு நான் சொல்வது: பங்கு எவ்வளவு, கையெழுத்து எப்போது என்று அவரிடமே கேளுங்கள். மறுவிரிப்பு ஒருமுறை போதும். பிடித்த பதில் வரும்வரை சீட்டைக் கலைத்துக்கொண்டே இருந்தால் அது பலன் பார்ப்பதே அல்ல.