சலவைக்கடையில் கழன்ற ஜீன்ஸ்

1985 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பிரிட்டனில் விடுமுறை. வீட்டுக்கு வீடு டிவி ஓடிக்கொண்டிருக்கும். அன்றுதான் அந்த விளம்பரம் முதலில் ஒளிபரப்பானது. காசு போட்டால் துணி துவைத்துத் தரும் சலவைக்கடை ஒன்றுக்குள் கறுப்புக் கண்ணாடி போட்ட இளைஞன் வருகிறான். கண்ணாடியைக் கழற்றுகிறான். ஒரு பை நிறையக் கற்களை இயந்திரத்துக்குள் கொட்டுகிறான். பிறகு சட்டையையும் ஜீன்ஸையும் அவிழ்த்து உள்ளே போட்டுவிட்டு, உள்ளாடையோடு ஒரு குண்டு மனிதர் பக்கத்தில் போய் உட்கார்ந்து பத்திரிகை புரட்டுகிறான். கடையில் இருந்த பெண்கள் ஓரக்கண்ணால் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஒரு நிமிடம்கூடத் தேறாத படம். விற்கப்பட்டது லெவிஸ் 501 ஜீன்ஸ்.

பிரிட்டனில் மங்கிக் கிடந்த அந்த ஜீன்ஸின் விற்பனை பல மடங்கு ஏறியது. கூடவே, யாரும் விற்க நினைக்காத இன்னொன்றும் விற்றது. பிரிட்டிஷ் ஆண்கள் பெரும்பாலும் இறுக்கமான ஜட்டிதான் அணிந்துவந்தார்கள். அதோடு ஒருவனைத் திரையில் காட்டத் தணிக்கையாளர்கள் சம்மதிக்காததால்தான் தொளதொளவென்ற பாக்சர் அணிவித்தோம் என்று விளம்பரத்தை உருவாக்கிய ஜான் ஹெகார்டி பின்னாளில் சொல்லியிருக்கிறார். தணிக்கையைச் சமாளிக்கப் போட்ட அந்த பாக்சருக்கும் கடைகளில் கிராக்கி வந்துவிட்டது.

பின்நவீனத்துவம் என்ற சொல் 90-களில் தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் அடிபட்ட வேகத்தில் நிறையப் பேர் மிரண்டு ஒதுங்கினார்கள். எனக்கு அதை விளக்க இந்த விளம்பரம் போதும் என்று தோன்றுகிறது. அது சொன்னதும் இதில் இருக்கிறது, அது பார்க்கத் தவறியதும் இருக்கிறது.

படத்தில் தெரிவது 1950-களின் அமெரிக்கா. நடித்த நிக் கேமன் இங்கிலாந்துக்காரர். எடுத்தது பிரிட்டிஷ் நிறுவனம். பின்னணியில் ஒலிக்கும் பாட்டை மார்வின் கே பாடிப் புகழ்பெறச் செய்தது 1968-ல். கதை நடக்கும் காலத்துக்கு அது பத்து வருடமாவது பிந்தியது. அந்தக் குரலும் அவருடையது அல்ல, வேறு பாடகரை வைத்துத் திரும்பப் பதிவு செய்தது. இத்தனை ஒட்டுவேலையும் யாரையும் உறுத்தவில்லை. விளம்பரம் பிரபலமானதும் மார்வின் கே பாடிய பழைய இசைத்தட்டே 1986-ல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலின் முதல் பத்துக்குள் மறுபடி ஏறியது. அவர் இறந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. நகல் முன்னால் வந்து அசலுக்குச் சந்தை பிடித்துக் கொடுத்தது.

அமெரிக்க விமர்சகர் ஃபிரெட்ரிக் ஜேம்சன் இதற்கு ஒரு வருடம் முன்பு, 1984-ல் எழுதிய நீண்ட கட்டுரையில் இந்த மனநிலையைத்தான் ஆராய்ந்தார். பழைய காலம் வரலாறாக நம்மிடம் வருவதில்லை. உடை, கார், முடி அலங்காரம், மெல்லிய பழுப்பு ஒளி என்று ஒரு பாணியாக வருகிறது என்றார். அந்தச் சலவைக்கடையில் 1950-களின் நிறவெறி இல்லை, பனிப்போர் பயம் இல்லை. அந்தப் பத்தாண்டின் தோற்றம் மட்டும் இருக்கிறது. அங்கே வாழ்ந்திராத ஒருவனுக்கும் அதன்மேல் ஏக்கம் வருகிறது.

சரி, ஆனால் ஏன் வாங்கினார்கள்? கால்சட்டை வேண்டுமென்றால் கடையில் வேறு கால்சட்டையா இல்லை? பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழான் போத்ரியார் 1970-ல் வெளியிட்ட நுகர்வுச் சமூகம் பற்றிய நூலில் இதற்குப் பதில் இருக்கிறது. ஒரு பொருளுக்குப் பயன் உண்டு, விலை உண்டு. இவை போக அது ஒரு குறியாகவும் வேலை செய்கிறது. நான் இவன், அவன் இல்லை என்று அது ஊருக்கு அறிவிக்கிறது. 501 வாங்கிய பையன் துணி வாங்கவில்லை. அப்பா போடும் கால்சட்டைக்கும் தனக்கும் உள்ள தூரத்தை வாங்கினான். 501-க்கு இன்னொரு விசேஷமும் உண்டு. முன்கூட்டிச் சுருக்காத துணியில் தைத்ததை ஒரு அளவு பெரிதாக வாங்கி, போட்டுக்கொண்டே தொட்டித் தண்ணீரில் உட்கார்ந்தால் அது அவரவர் உடம்புக்குச் சுருங்கிப் படியும். ஆலையில் லட்சக்கணக்கில் தைத்த ஒன்று, எனக்கென்றே பிறந்ததுபோல் ஆகிவிடுகிறது. எல்லோரும் ஒரே பொருளை வாங்கித் தனித்துவம் அடையும் இந்த விநோதத்தைத்தான் போத்ரியார் கிண்டல் செய்தார்.

இதற்கு முன்பு ஒருவனுக்கு அடையாளம் எங்கிருந்து வந்தது? பிரிட்டனையே எடுத்துக்கொள்வோம். 1984 மார்ச்சில், 20 நிலக்கரிச் சுரங்கங்களை மூடும் அரசின் திட்டத்தை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஒரு வருடம் தாக்குப்பிடித்து, 1985 மார்ச்சில் தோற்று வேலைக்குத் திரும்பினார்கள். சுரங்கக்காரன் மகன், சங்கத்துக்காரன், வரலாறு நம் பக்கம் என்று நம்பியவன் என்ற ஓர் அடையாளம் அதோடு நொறுங்கியது. அதே வருடக் கடைசியில்தான் நம் விளம்பரம் வருகிறது. ஒன்றால் மற்றொன்று நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதார், கனடாவின் கியூபெக் மாகாண அரசு கேட்டு எழுதி 1979-ல் வெளியான அறிக்கையில், பெருங்கதையாடல்கள்மேல் நம்பிக்கை போய்விட்டது என்று எழுதியது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று கேட்டால், 1985-ன் பிரிட்டனைக் காட்டலாம். உழைப்பாளி வர்க்கம் வெல்லும், அறிவியல் எல்லோரையும் கரையேற்றும் என்ற பெரிய கதைகள் ஓய்ந்த இடத்தில், நீ யார் என்பதை நீயே தேர்ந்துகொள் என்று கடை அலமாரி சொல்ல ஆரம்பித்தது.

இதில் ஒரு குரூரமான பொருத்தமும் உண்டு. ஜீன்ஸே சுரங்கத்து உடை. லெவி ஸ்ட்ராஸும் தையல்காரர் ஜேக்கப் டேவிஸும் 1873-ல் காப்புரிமை வாங்கியது, கிழியும் இடங்களில் செப்பு ஆணி அடித்த வேலைக் கால்சட்டைக்கு. சுரங்கத்தில் மண்டியிட்டு மண்டியிட்டு முட்டி வெளுத்துப் போகும். அந்த வெளுப்பு பிற்பாடு அழகாகிவிட்டது. நிக் கேமன் இயந்திரத்தில் கற்களைக் கொட்டியது இதற்காகத்தான்: உழைக்காமலே உழைத்த துணியின் தோற்றம் வேண்டும்.

குறிகளைப் படிப்பதில் கெட்டிக்காரர்களான இந்தச் சிந்தனையாளர்கள் இங்கே பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். ஜேம்சன் மார்க்சியர் என்பதால் முதலாளியத்தைப் பற்றியாவது பேசினார். போத்ரியாரின் உலகத்தில் வாங்குபவரும் திரையும்தான் இருக்கிறார்கள். அந்தப் போலி வெளுப்பை உண்டாக்குபவர் இல்லை.

கல் போட்டுத் துவைத்தால் துணி முழுக்க வெளுக்கும். முட்டியும் தொடையும் மட்டும் தேய்ந்ததுபோல் வேண்டுமானால் அழுத்தக் காற்றில் மணலைப் பீய்ச்ச வேண்டும். துருக்கியில் காற்றோட்டமில்லாத சிறு பட்டறைகளில் இளைஞர்கள் சாதாரணத் துணி முகமூடியோடு இந்த வேலையைச் செய்தார்கள். மணலில் இருக்கும் சிலிக்கா கண்ணுக்குத் தெரியாத தூளாகி நுரையீரலில் தங்கித் தழும்பாக்கிவிடும். சிலிக்கோசிஸ் என்ற இந்த நோய் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வருவது. அவர்களுக்குப் பெரும்பாலும் பல வருட உழைப்புக்குப் பிறகு தெரியும். இங்கே பதின்வயதில் வேலைக்கு வந்த பையன்களுக்குச் சில வருடங்களிலேயே மூச்சு முட்டியது. எர்சுரும் நகர மருத்துவர்கள் அப்படிப்பட்ட இருவரைப் பற்றி 2005-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். தழும்பை ஆற்ற மருந்து கிடையாது. 2009-ல் துருக்கி அரசு துணியில் மணல் பீய்ச்சுவதைத் தடை செய்தது; 2010-ல் லெவிஸும் எச்&எம்மும் தங்கள் உடைகளில் இதைக் கைவிடுவதாக அறிவித்தன.

வாங்குபவருக்கு அந்த வெளுப்பு ஒரு குறிதான்; அந்த அளவுக்கு போத்ரியார் சொன்னது சரி. பீய்ச்சியவருக்கு அது மார்பு எக்ஸ்ரேயில் தெரிகிற ஒன்று. எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, எல்லாம் ஒரு கதையாடல் என்று பேசுகிற காலத்திலும், எந்தத் தூள் எந்த நோயை உண்டாக்குகிறது என்று உறுதியாகச் சொல்ல ஆள் இருந்ததால்தான் தடை வந்தது.

இப்போது இந்த வேலைக்கு லேசர் வந்துவிட்டது. உண்மையாக அணிந்து தேய்ந்த ஒரு ஜீன்ஸைப் படம் பிடித்து, அதன் மடிப்பையும் வெளுப்பையும் புதுத் துணிமேல் அப்படியே பொசுக்கிப் பதிக்கிறார்கள். ஒரு ஜோடிக்கு ஒன்றரை நிமிடம் என்று 2018-ல் லெவிஸ் சொன்னது. லேசர் இயந்திரம் வாங்க வசதியுள்ள ஆலைக்கு அது சரி. துருக்கியின் தடைக்குப் பிறகும் வங்கதேசத்து ஆலைகளில் மணல் பீய்ச்சுவது நடந்துவந்ததைத் தொழிலாளர் உரிமை அமைப்புகள் 2012-ல் பதிவு செய்தன. அதற்கு ஒரு காற்றழுத்த இயந்திரமும் ஒரு மூட்டை மணலும் போதும்.