மெக்கானிக் வைத்ததே சட்டம்

1950களில் பிரான்சில் புகையிலைத் தொழில் முழுக்க அரசின் கையில் இருந்தது. சிகரெட் ஆலைகளில் சம்பளம், இடமாற்றம், யாருக்கு எந்த வேலை என்பதெல்லாம் விதிப்புத்தகத்தின்படி, பெரும்பாலும் பணிமூப்பை வைத்தே நடந்தது. ஆலை இயக்குநரே நினைத்தாலும் தன் விருப்பத்துக்கு ஒருவரைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. இப்படிப்பட்ட இடத்தில் அரசியலுக்கு ஏது வழி என்று தோன்றும். அங்கே ஆய்வு செய்த சமூகவியலாளர் மிஷேல் க்ரோசியே கண்டது வேறு. 1963இல் வெளிவந்த அவருடைய நூலின்படி, ஆலையில் யாராலும் அசைக்க முடியாதவர்கள் பராமரிப்பு மெக்கானிக்குகள்தான்.

காரணம் எளிது. விதிகளுக்குக் கட்டுப்படாமல் அங்கே நடந்தது ஒன்றே ஒன்று, இயந்திரம் பழுதாவது. எப்போது நிற்கும், எவ்வளவு நேரத்தில் ஓடும் என்பது மெக்கானிக்குக்கு மட்டுமே தெரியும். இயந்திரத்தில் வேலை செய்தவர்கள் அதைத் தொட்டுப் பார்க்கக்கூடாது. மேற்பார்வையாளருக்கு அதிகாரம் உண்டு, ஆனால் பழுது பார்க்கத் தெரியாது. அதனால் மெக்கானிக்கை அவரால் கண்டிக்க முடியவில்லை. இதில் சுவையான செய்தி, இயந்திரங்களின் வரைபடங்களும் பராமரிப்புக் குறிப்புகளும் ஆலைகளிலிருந்து காணாமல் போயிருந்தன! புதிதாக வருகிறவருக்குத் தொழிலை வாய்மொழியாகத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். எழுதி வைத்தால் யாரும் கற்றுக்கொள்ளலாம், பிறகு அவர்களுக்கு என்ன மதிப்பு?

அதிகாரத்துக்குப் பதவி, பரிசு, தண்டனை, நிபுணத்துவம், ஆளுமை மீதான மதிப்பு என ஐந்து ஊற்றுகளை 1959இல் பிரெஞ்ச், ரேவன் என்ற இருவர் பட்டியலிட்டார்கள். மேற்பார்வையாளரிடம் இருந்தது முதலாவது. மெக்கானிக்கிடம் இருந்தது நான்காவது. ஆனால் நிபுணத்துவம் மட்டும் போதாது. அந்த வேலை நின்றால் எல்லாம் நிற்க வேண்டும், மாற்று ஆளும் இருக்கக்கூடாது. அப்போதுதான் அது அதிகாரமாகிறது.

உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருக்கலாம். பழைய கணக்கு மென்பொருளின் சூட்சுமம் அவருக்கு மட்டும் தெரியும் என்று வையுங்கள். அவர் லீவு போட்டால் மாதக் கணக்கு முடியாது. "அவர் வரட்டும், பார்க்கலாம்" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுந்தால் அதுவே அடையாளம். அவரிடம், "எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள்" என்று ஆணையிடும் மேலாளர் பெரும்பாலும் தோற்பார். அரைகுறையான குறிப்பு வரும். முக்கியமான படி அதில் இருக்காது.

விவரம் அறிந்த மேலாளர் முதலில், அவர் எதை இழக்கப் பயப்படுகிறார் என்று பார்ப்பார். அவரையே பயிற்சியாளராக்கி, அந்தப் பொறுப்புக்குச் சம்பளமும் பெயரும் கொடுப்பார். கணக்கு தாமதமானால் அவதிப்படும் பிற துறைத் தலைவர்களையும் தன் பக்கம் சேர்த்துக்கொள்வார். மாதக் கடைசி நெருக்கடியில் இந்தப் பேச்சை எடுக்கமாட்டார், அந்த நேரத்தில் பேரம் முழுக்க அந்த ஆளின் கையில் இருக்கும். புதியவர் ஒருவர் இரண்டு மாதக் கணக்கைத் தனியாக முடித்துக் காட்டும்வரை வேலை முடிந்ததாக எண்ணவும் மாட்டார்.

இதற்கும் எல்லை உண்டு. கணக்குக்கு மாற்று ஆள் கிடைத்தால், அதிகாரம் ஒழியாது, அடுத்த இடத்துக்கு நகரும். விதிகளைக் கூட்டிக்கொண்டே போய் அலுவலக அரசியலை ஒழித்துவிடலாம் என்று நம்பும் நிர்வாகிகள் க்ரோசியேயின் நூலை ஒருமுறை படிப்பது நல்லது.