ஐந்நூறு ரூபாயில் நிற்கும் கூட்டம்

நியூயார்க்கின் டோ ஜோன்ஸ் குறியீடு 1966 பிப்ரவரி 9 அன்று வர்த்தகத்தின் நடுவே 1000 புள்ளியைத் தாண்டிவிட்டு, மாலையில் 995-க்கு இறங்கி முடிந்தது. 1000-க்கு மேல் முதன்முறையாக முடிவதற்கு 1972 நவம்பர் வந்துவிட்டது. பணவீக்கம், வட்டி என்று அதற்கு வேறு காரணங்களும் உண்டு. பழியை முழுக்க அந்த எண்ணின் தலையில் போட முடியாது. ஆனாலும் முழு எண்களின் அருகே விலை தடுமாறுவது சந்தையில் பழகிய காட்சிதான்.

அங்கே யார் நிற்கிறார்கள்? நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் பணியாற்றிய பொருளாதார ஆய்வாளர் கரோல் ஆஸ்லர், ஒரு பெரிய வங்கிக்கு வந்த ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அந்நியச் செலாவணி ஆர்டர்களைப் பிரித்துப் பார்த்து 2003-ல் கட்டுரை வெளியிட்டார். லாபத்தோடு வெளியேறக் காத்திருந்த ஆர்டர்கள் 00-ல் முடியும் விலைகளிலேயே குவிந்திருந்தன. நஷ்டத்தை நிறுத்தும் ஸ்டாப் லாஸ் ஆர்டர்களோ அந்த எண்ணை ஒட்டி, அதற்குச் சற்று அப்பால் இருந்தன.

ஒரு பங்கை 470 ரூபாய்க்கு வாங்கியவர், "ஐந்நூறு வந்தா வித்துடுங்க" என்றுதான் புரோக்கரிடம் சொல்வார். 497.35 என்று யாரும் சொல்வதில்லை. இன்னொருவர், பங்கு 500-ஐத் தாண்டாது என்று நம்பி முன்கூட்டியே விற்றுவைத்திருக்கிறார். தாண்டிவிட்டால் தன் கணிப்பு தப்பு என்று அர்த்தம். ஆகவே திரும்ப வாங்கும் ஸ்டாப் லாஸை 501-ல் வைக்கிறார்.

இப்போது விலை 500-ஐ நெருங்குகிறது. விற்பவர்கள் வரிசையாக நிற்பதால் ஏற்றம் தடைபடுகிறது. ஒரே விலையில் முதலில் வந்த ஆர்டருக்கே முதலிடம் என்பதால், விவரமானவர்கள் 499.50-லேயே விற்றுவிடுவார்கள். 500-ல் கடைசியாக வந்து நின்றவருக்குச் சில நாள் ஒன்றுமே விற்காது; விலை அவரைத் தொடாமலே திரும்பிவிடும்.

பெரிய வாங்கல் ஒன்று வந்து அந்த வரிசையை முழுதாகத் தின்றுவிட்டால் கதை மாறுகிறது. 501-ல் ஸ்டாப் லாஸ்கள் விழித்து, கிடைத்த விலைக்கு வாங்குகின்றன. அந்த வாங்கலே விலையை 502-க்குத் தள்ள, அங்குள்ள அடுத்த ஸ்டாப் லாஸ் விழிக்கிறது. தடையாக இருந்த எண்ணைக் கடந்ததும் விலை பாய்வது இதனால்தான். தடுக்குமா, உடையுமா என்பதை மட்டும் அந்த எண்ணைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

ஸ்டாப் லாஸ் குறித்த விலையிலேயே நடக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே போக விடமாட்டோம் என்று 2011-ல் அறிவித்த சுவிட்சர்லாந்து மத்திய வங்கி, 2015 ஜனவரி 15 அன்று திடீரெனக் கையை விரித்தது. சில நிமிடங்களில் யூரோ ஒரு பிராங்குக்கும் கீழே சரிந்தது. 1.20-க்குச் சற்றுக் கீழே விற்று வெளியேற ஸ்டாப் லாஸ் போட்டிருந்தவர்களுக்கு அந்த விலையில் வாங்க ஆளே இல்லை. வெகு கீழே விற்றுப்போனதில், சிலருக்குக் கட்டிய பணம் முழுதும் கரைந்து புரோக்கருக்குக் கடனும் மிஞ்சியது.