சொறியாத நாய்க்கு முடி கொட்டினால்

மாவனல்லைப் பக்கத் தோட்டங்களில் ஒரு நாய்க்கு முடி உதிர்ந்தால் "சொறி பிடிச்சிருக்கு" என்பதுதான் முதல் பேச்சு. தேங்காய் எண்ணெயும் கந்தகமும் பூசுவார்கள், பிறகு ஊசி. பெரும்பாலும் அது சொறிதான். ஆனால் நாய் சொறியவே இல்லை, இரண்டு விலாவிலும் ஒரே அளவாக முடி மெலிகிறது என்றால் சந்தேகம் தைராய்டு சுரப்பியின் மேல் போக வேண்டும்.

எட்டு வயது, 30 கிலோ எடையுள்ள ஒரு லேப்ரடோரை எடுத்துக்கொள்வோம். வழக்கமான சோற்றைத்தான் தின்கிறது, ஆனால் உடல் பெருக்கிறது. முன்போல் வாசலுக்கு ஓடுவதில்லை; அடுப்படிச் சூட்டைத் தேடிப் படுக்கிறது. வாலில் முடி போய்விட்டது, விலாத் தோல் கறுத்திருக்கிறது. தைராய்டு இப்படிக் குன்றுவதற்குப் பல நேரங்களில் நாயின் உடலே அதைத் தாக்கி அழிப்பதுதான் காரணம். வளர வேண்டிய முடி உறங்கிப்போய், பழையது உதிர்ந்த இடம் வெறுமையாகவே நிற்கிறது.

சில சிற்றுண்ணிகள் அரிப்பில்லாமலே முடியை உதிர்க்கும் என்பதால், மிருக வைத்தியர் முதலில் தோலைச் சுரண்டிப் பார்ப்பார். அடுத்தது இரத்தம். தைராய்டு ஹோர்மோன் டி4 குறைந்து, டிஎஸ்எச் கூடியிருந்தால் நோய் ஏறக்குறைய உறுதி. கொலஸ்ட்ரோலும் பெரும்பாலும் உயர்ந்திருக்கும். டி4 மட்டும் குறைந்திருந்தால் அதை நம்பி மாத்திரை தொடங்கக் கூடாது. வேறு நோயால் வாடும் நாய்க்கும், அரிப்புக்குக் கொடுக்கும் பிரெட்னிசோலோனாலும் வலிப்பு மருந்தாலும்கூட அது இறங்கும். ஆகவே நாய் என்ன மருந்து எடுத்தது என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, வயிறும் தொங்கினால், அது அட்ரினல் சுரப்பியின் கோளாறாக இருக்கலாம். அதற்குச் சோதனையும் வேறு, மருந்தும் வேறு.

மருந்து லெவோதைரொக்சின். வழக்கமான தொடக்க அளவு கிலோவுக்கு 0.02 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை. நம் லேப்ரடோருக்கு வேளைக்கு 0.6 மில்லிகிராம். இதே மருந்தை மனிதர்களில் பெரியவர்கள் பலர் நாள் முழுவதற்கும் எடுப்பது 0.1 மில்லிகிராம் அளவுதான். அம்மாவின் தைராய்டு மாத்திரையில் பாதியைக் கொடுத்துப் பார்ப்பது பயன் தராது, இரத்தப் பரிசோதனையையும் குழப்பிவிடும். நான்கு முதல் எட்டு வாரத்தில், மாத்திரை கொடுத்த நாலைந்து மணி நேரத்துக்குப் பிறகு இரத்தம் எடுத்து அளவைச் சரிசெய்வார்கள். சுறுசுறுப்பு ஓரிரு வாரத்தில் திரும்பும். முடிக்குச் சில மாதம் பிடிக்கும். தொடக்கத்தில் பழைய முடி இன்னும் கொட்டுவதைக் கண்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். இது ஆயுள் முழுவதும் தொடரும் மருந்து.

முடி மெலியச் சாப்பாடும் காரணமாகலாம். வெறும் சோறும் குழம்பும் தின்னும் நாய்க்கு உடல் முழுவதும் முடி வறண்டு, ஒளியிழந்து மெலியும். முடி பெரும்பாலும் புரதமே. அதற்கு அவித்த முட்டை, இறைச்சி, உப்புக் கழுவிய நெத்தலி உதவும். ஆனால் எந்தச் சாப்பாடும் அழிந்த தைராய்டை மீட்காது. உள்ளூரில் பரிசோதனை வசதி இல்லையென்றால், கண்டிக்குப் போகும் வழியில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலை இருக்கிறது. இன்னொரு சொறி ஊசிக்கு முன் நாயை அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.