மேடும் பள்ளமுமான அறைக்கு எத்தனை மூட்டை?

பழைய வீட்டின் மாடி அறையில் ரெட் ஆக்சைடு தரையின் மேல் டைல்ஸ் ஒட்ட வேண்டும். கொத்தனார் வந்து பார்க்கிறார், வாசல் பக்கம் ஒரு முறை நடக்கிறார், மூலைக்கு ஒரு முறை போகிறார். "சார், அங்க ஒரு இஞ்ச், இங்க ரெண்டரை இஞ்ச் வரும். சராசரி ஒண்ணே முக்கால்னு போட்டுக்கலாம். நாலு மூட்டை சிமென்ட் சொல்லிடுங்க" என்கிறார். அனுபவசாலியின் கண் பெரும்பாலும் மேட்டையும் பள்ளத்தையும் சரியாகவே பிடித்துவிடும். தவறு வருவது அந்தச் 'சராசரி'யில்தான். அதிக கனத்தையும் குறைந்த கனத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைப்பது சராசரி கனம் அல்ல. மேடு எவ்வளவு இடத்தில் பரவியிருக்கிறது, பள்ளம் எவ்வளவு இடத்தில் பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்தே மூட்டைக் கணக்கு மாறும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். லேசர் லெவல் இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் போதும், குழாயில் காற்றுக் குமிழி மட்டும் இருக்கக் கூடாது. தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில், நான்கு சுவரிலும் ஒரே மட்டத்தில் கோடு அடிக்க வேண்டும். சுற்றி வந்து முதல் குறியிலேயே மீண்டும் பார்க்கும்போது இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் கோட்டை நம்பாதீர்கள், மறுபடி பிடியுங்கள். பின்னால் வரும் எல்லா அளவும் இந்தக் கோட்டிலிருந்துதான் எடுக்கப் போகிறோம்.

நம் அறை 12 அடிக்கு 10 அடி என்று வைத்துக்கொள்வோம். நீளத்தை நான்காகவும் அகலத்தை மூன்றாகவும் சாக்பீஸால் பிரித்தால் ஒரே அளவுள்ள 12 கட்டங்கள் வரும். சுவர்க் கோட்டுக்கு நேராக நூல் கட்டி, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் நூலிலிருந்து தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று மில்லிமீட்டரில் அளந்து தரையிலேயே எழுதிவிடலாம். எல்லாக் கட்டமும் ஒரே பரப்பு என்பதால் இந்த 12 அளவுகளையும் கூட்டி 12-ஆல் வகுத்தால் போதும். கட்டத்தின் நடுவுக்குப் பதிலாக மூலைகளையும் சுவரோரத்தையும் அளந்து வகுத்தால் ஓரங்களுக்கு அதிக எடை கிடைத்து, நடுவில் இருக்கும் பள்ளம் கணக்கிலேயே வராமல் போய்விடும்.

வாசலை ஒட்டிய கட்டத்தில் 980 என்று வருகிறது. அதே வரிசையில் அடுத்தடுத்து 994, 1000, 1003. நடு வரிசையில் 991, 1002, 1006, 1007. கடைசி வரிசையில் 998, 1004, 1007, 1008. எண் கூடக் கூடத் தரை தாழ்கிறது என்று பொருள். கட்டங்கள் தவிர, அறையிலேயே மிக உயர்ந்த இடத்தையும் மிகத் தாழ்ந்த இடத்தையும் தனியாகத் தேடி அளக்க வேண்டும். வாசற்படி அருகே ஒரு திட்டு 975-இல் இருக்கிறது. எதிர் மூலையில் 1010. ஆக, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 35 மில்லிமீட்டர் வித்தியாசம்.

புதுத் தளத்தின் மட்டத்தைத் தீர்மானிப்பது அந்த ஒற்றைத் திட்டுதான். பழைய தரையோடு ஒட்டிப் பிடிக்கும் சிமென்ட் மணல் கலவையை 25 மில்லிமீட்டருக்குக் கீழே கொண்டுபோனால் அது சீக்கிரம் காய்ந்து, பிடிப்பு விட்டு, பொருக்காக எழும்பும். எனவே 975-இல் இருக்கும் மேட்டின் மேலும் 25 இருக்க வேண்டும் என்றால் தளத்தின் மேல்மட்டம் கோட்டிலிருந்து 950-இல் நிற்கும். பள்ள மூலையில் கனம் 60. கொத்தனார் சொன்ன ஒரு இஞ்சும் ரெண்டரை இஞ்சும் ஏறத்தாழ இந்த இரண்டுதான். அவற்றின் நடு 42.5 மில்லிமீட்டர். ஆனால் 12 கட்ட அளவுகளின் கூட்டுத்தொகை 12,000, சராசரி 1000. அதாவது உண்மையான சராசரி கனம் 50 மில்லிமீட்டர். மேடு வாசலோரத்தில் சிறு இடம்தான், மீதி அறை முழுவதும் தாழ்வு. அதனால்தான் இந்த வேறுபாடு.

ஏழரை மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். 120 சதுர அடியில் இரண்டரை மில்லிமீட்டர் கூடினாலே ஒரு கன அடி கலவை கூடுகிறது. ஏழரைக்கு மூன்று கன அடி. வேலை முக்கால்வாசி முடிந்த பிறகு இவ்வளவு குறைந்தால் என்ன நடக்கும் என்பது கட்டட வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். கடைக்கு ஆள் போய் வருவதற்குள் போட்ட ஓரம் இறுகிவிடும், புதியது அதோடு சேராது. அல்லது கடைசிச் சட்டிகளில் சிமென்ட் குறைந்து மணல் தூக்கலாகும். பள்ளமான மூலைதான் பெரும்பாலும் கடைசியில் வருகிறது, அங்கேதான் தளம் மாவாக உதிர்கிறது.

இனி மூட்டைக்கு வருவோம். 50 மில்லிமீட்டர் என்பது 0.164 அடி. 120 சதுர அடியால் பெருக்கினால் 19.7, ஏறத்தாழ 20 கன அடி. இது தட்டி இறுக்கிய பின் தரையில் நிற்கும் கலவையின் அளவு. உலர்ந்த நிலையில் இதற்கு மேல் வேண்டும், ஏனென்றால் தண்ணீர் விட்டுக் கலக்கும்போது மணலின் இடைவெளிகளில் சிமென்ட் போய் அடைந்துவிடுகிறது, அடிக்கும்போதும் இறுகுகிறது. அதற்காக 1.3-ஆல் பெருக்குவது வழக்கம். 26 கன அடி கிடைக்கும். கலவை ஒன்றுக்கு நாலு, அதாவது ஒரு பங்கு சிமென்ட், நாலு பங்கு மணல். மொத்தம் ஐந்து பங்கு. 26-ஐ ஐந்தால் வகுத்தால் சிமென்ட் 5.2 கன அடி, மணல் 20.8 கன அடி. 50 கிலோ சிமென்ட் மூட்டை சுமார் ஒன்றேகால் கன அடி என்பதால் 4.2 மூட்டை. சிந்துவது சிதறுவதற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 4.6, வாங்க வேண்டியது ஐந்து மூட்டை. மணல் 23 கன அடி.

மாடி அறைக்கு மணல் பெரும்பாலும் காலிச் சிமென்ட் சாக்கில்தான் வரும். அங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சாக்கை நிறைத்துக் கட்டினால் ஒன்றேகால் கன அடி பிடிக்கும், தூக்குவதற்கு வசதியாக வாயைச் சுருட்டிக் கட்டினால் ஒரு கன அடிதான் வரும். நம் 23 கன அடிக்கு முதல் வகையில் 18 அல்லது 19 சாக்கு, இரண்டாம் வகையில் 23 சாக்கு. 'இத்தனை மூட்டை மணல்' என்று சொல்லாமல் கன அடியில் பேசுவதே சரி. மணல் லேசாக ஈரமாக இருந்தால் இன்னொரு சிக்கல். ஈர மணல் துகள்களுக்கு இடையே நீர்ப்படலம் நின்று அளவு உப்பிவிடும், பொடி மணலில் இது கால் பங்குக்கு மேலும் போகும். பார்வைக்கு நிறைந்த சாக்கில் மணல் குறைவாக இருக்கும். கலக்கும் இடத்திலும் பாண்டுச் சட்டியில் குவித்தும் வழித்தும் கொட்டுவதைவிட, 35 லிட்டர் பிடிக்கும் ஒரு மரப்பெட்டி வைத்துக்கொண்டால் ஒரு மூட்டை சிமென்டுக்கு நான்கு பெட்டி மணல் என்று விகிதம் தப்பாமல் நிற்கும்.

பணம் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்கலாம். அந்த வாசல் திட்டு என்ன? பழைய வீடுகளில் இது பெரும்பாலும் எப்போதோ வெடித்த தரையைப் பூசி மேடாக்கிய ஒட்டுவேலையாகவே இருக்கும். அப்படியானால் பத்துப் பன்னிரண்டு சதுர அடியை உளியால் 15 மில்லிமீட்டர் செதுக்கி 990-க்குக் கொண்டுவரலாம். தளத்தின் மட்டம் 965-க்கு இறங்கும், சராசரி கனம் 36 மில்லிமீட்டர் ஆகும். சிமென்ட் ஐந்திலிருந்து மூன்றேகால் மூட்டைக்கு வருகிறது, வாங்குவது நான்கு. மணல் 16 கன அடி, நிறைந்த சாக்கில் 13. ஒரு ஆளின் அரை நாள் செதுக்கலுக்கு இது நல்ல வரவு. எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது எடை. 50 மில்லிமீட்டர் தளம் இந்த அறையில் ஒரு டன்னைத் தாண்டும். 36-க்கு இறக்கினால் முந்நூறு கிலோ மாடித் தளத்தின் தலையிலிருந்து இறங்குகிறது. கதவையும் அடியில் அவ்வளவு அறுக்க வேண்டியிருக்காது. தளத்தின் மேல் டைல்ஸும் பேஸ்டும் சேர்ந்து இன்னும் 14 மில்லிமீட்டர் ஏறும் என்பதை மறந்துவிடக் கூடாது.

செதுக்கும்போது ஜல்லி தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். அது கான்கிரீட் கூரையின் உடல், அதன் கம்பிக்குப் பாதுகாப்பாக இருக்கும் மேல்தோலைக் குறைக்கும் உரிமை நமக்கு இல்லை. செதுக்கி முடித்ததும் மறுபடி அளந்து பார்த்த பின்பே மூட்டை சொல்வது நல்லது.

ரெட் ஆக்சைடு தரை வழவழப்பானது, அதன் மேல் எதுவும் பிடிக்காது. மேடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தரை முழுவதும் நெருக்கமாகப் பொளி போட்டு, தூசு போகக் கூட்டிக் கழுவி, முந்தின இரவே நனைத்து வைக்க வேண்டும். காலையில் தேங்கிய தண்ணீரைத் துடைத்துவிட்டு, சிமென்ட் பாலைத் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே கலவையைப் போட வேண்டும். பால் காய்ந்து வெளுத்துவிட்டால் அது பசையாக இல்லாமல், இரண்டு தளத்தையும் பிரிக்கும் தோலாகிவிடும். அதனால் அறை முழுவதும் ஒரேயடியாக ஊற்றாமல் கலவை போடப் போகும் இடத்துக்கு மட்டும் ஊற்றுவது சரி.

கலவையில் தண்ணீர் குறைவாக இருக்கட்டும். கையில் கொழுக்கட்டை போலப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. மட்டப் பொட்டுகள் வைத்து, அவற்றை இணைத்து வரி போட்டு, நடுவில் கலவையை நிரப்பி நன்றாகத் திமிசு போட்டு, அலுமினியச் சட்டத்தால் இழுத்து, மணியாசுக் கட்டையால் தேய்த்து விட்டால் போதும். மேலே காய்ந்த சிமென்டைத் தூவி மெழுகச் சொல்லாதீர்கள். டைல்ஸ் பேஸ்டுக்குச் சொரசொரப்பு வேண்டும், தூவிய சிமென்ட் தனித்தோலாகப் பெயரும். மறுநாளிலிருந்து ஒரு வாரம் ஈரச் சாக்கு.

காய்ந்த பிறகு மூன்று சோதனைகள். ஆறடி அலுமினியச் சட்டத்தை எல்லாப் பக்கமும் வைத்துப் பார்க்கும்போது அடியில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் சந்து தெரியக் கூடாது. பெரிய டைல்ஸ் ஒட்ட அவ்வளவு சமம் வேண்டும். ஆணியால் கீறினால் லேசான கோடுதான் விழ வேண்டும். மணல் மணலாக உதிர்ந்தால் அங்கே சிமென்டோ ஈரமோ போதவில்லை. கடைசியாகச் சுத்தியலின் பின்கட்டையால் அடிக்கடி தட்டிக்கொண்டே அறை முழுவதும் நடக்க வேண்டும். கெட்டியாகக் கேட்கும் சத்தம் திடீரென்று பொக்கென்று மாறும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். பெரும்பாலும் அது மெல்லிய பகுதியாகவோ பால் காய்ந்துபோன ஓரமாகவோ இருக்கும். வட்டத்தைச் சதுரமாக விரித்து, விளிம்பு நேராக நிற்கும்படி அடிவரை வெட்டி எடுத்து, மறுபடி நனைத்து, பால் தேய்த்து, அதே ஒன்றுக்கு நாலு கலவையால் நிரப்பி, அந்தத் துண்டுக்கும் ஒரு வாரம் தண்ணீர் காட்டிய பிறகுதான் டைல்ஸ் பெட்டியைப் பிரிக்க வேண்டும்.