மூச்சு அடங்கினால் போதாது

ஜிம்மில் 100 கிலோ பார்பெல்லைத் தோளில் வைத்து ஐந்து முறை உட்கார்ந்து எழுந்தவர், ஒரு நிமிடத்தில் மூச்சு சீரானதும் மறுபடி எடுக்கிறார். இம்முறை நான்காவதிலேயே கால் திணறுகிறது. எடை மாறவில்லை; தசைக்குள் இருப்புதான் குறைந்துவிட்டது.

தசை சுருங்கச் செலவழிப்பது ஏடிபி. அதன் கையிருப்பு ஓரிரு விநாடிக்கே வரும். தீரத் தீர அதை உடனுக்குடன் புதுப்பித்துத் தருவது பாஸ்போகிரியேட்டின். முழு மூச்சான உழைப்பில் அதுவும் சுமார் பத்து விநாடியில் பெரிதும் கரைந்துவிடும்.

மீண்டும் நிரம்பும் வேகம் ஒரே சீரானதல்ல. காலியான பங்கில் ஏறத்தாழ பாதி, முதல் அரை நிமிடத்தில் திரும்பும். மிச்சத்தில் பாதிக்கு இன்னொரு அரை நிமிடம். ஆக, இருப்பு 30 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால், ஒரு நிமிடத்தில் 80 சதவீதத்தைத் தாண்டும். 100-ஐ நெருங்க மூன்று நிமிடமாவது வேண்டும். தசையில் அமிலம் சேர்ந்திருந்தால் இன்னும் தாமதமாகும். நிரப்பும் வேலைக்கு ஆக்சிஜன் தேவை. ரத்த ஓட்டத்தைத் தடுத்தால் நிரம்புவது நின்றுவிடும். அதனால் இடைவேளையில் மெல்ல நடக்கலாம், குதிக்க வேண்டாம்.

களைப்புக்கு இது ஒன்றே காரணமல்ல. ஆனாலும் ஒவ்வொரு செட்டிலும் எண்ணிக்கை சரிந்துகொண்டே வந்தால், எடையைக் குறைக்கும் முன் ஓய்வை மூன்று முதல் ஐந்து நிமிடமாக நீட்டிப் பாருங்கள்.