கோழிக்கு முன் ஐஸில் குத்துங்கள்

ஓவனில் முழுக்கோழி சுடுபவர்கள் பலர் இப்போது கம்பி போன்ற முனையுள்ள ஒரு தெர்மாமீட்டரையும் வாங்கி வைத்திருக்கிறார்கள். தொடைச் சதையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்தினால் அது 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். காட்டினால் கோழி வெந்துவிட்டது என்று இறக்கிவிடலாம். ஆனால் அந்தத் தெர்மாமீட்டர் சரியாகத்தான் காட்டுகிறதா? கடையில் வாங்கிய அன்றே பார்த்துவிடுவது நல்லது.

முதலில் ஐஸ். உயரமான டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸைப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் அதிகமாகிவிட்டால் ஐஸ் மேலே மிதக்கும், அடித் தண்ணீர் 4 டிகிரி வரை இருக்கும். சோதனையே வீணாகிவிடும். நன்றாகக் கலக்கி, சில நிமிடங்கள் விட்டு, டம்ளரின் அடியிலோ பக்கத்திலோ முட்டாமல் முனையை நடுவில் பிடியுங்கள். எண் ஓடாமல் நின்றதும் 0 காட்ட வேண்டும். உப்பு மட்டும் கலந்துவிடக் கூடாது. வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். முள் காட்டும் வட்டத் தெர்மாமீட்டர் என்றால் முனையை மட்டும் நனைத்தால் போதாது. கம்பியில் ஒரு சிறு பள்ளமோ கோடோ இருக்கும், அதுவரை முங்க வேண்டும்.

அடுத்தது கொதிநீர். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில், பாத்திரத்தின் அடி தொடாமல் முனையைப் பிடிக்க வேண்டும். ஆவி கையைச் சுடும், கவனம். சென்னையில் 100 காட்டும். ஊட்டியில் காட்டாது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 300 மீட்டர் ஏறினால் சுமார் 1 டிகிரி குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். இது தெரியாமல், முகப்புக்கு அடியில் இருக்கும் நட்டைத் திருகி ஊட்டியில் முள்ளை 100க்குக் கொண்டுவந்தால், நல்ல கருவி கெட்டுப்போகும். அதன்பின் கோழி 67 டிகிரியில் இருக்கும்போதே 74 என்று காட்டும். ஐஸுக்கு இந்தத் தொல்லை இல்லை, எந்த ஊரிலும் அது பூஜ்யம்தான். அதனால் நட்டைத் திருகுவதென்றால் ஐஸை நம்பித் திருகுங்கள்.

நட்டு இல்லாத டிஜிட்டல் கருவிக்குக் கணக்கே போதும். சென்னையில் ஐஸில் 1, கொதிநீரில் 103 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையான 100 டிகிரி இடைவெளியை அது 102 ஆக அளக்கிறது. அப்படியானால் 74ஐ அது எவ்வளவாகக் காட்டும்? 0.74ஐ 102ஆல் பெருக்கினால் சுமார் 75.5, அதோடு 1 கூட்டினால் 76.5. இந்தக் கருவியை வைத்திருப்பவர் 76.5 வரும்வரை கோழியை இறக்கக் கூடாது. இந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கருவியின் உறையிலேயே ஒட்டிவிடலாம்.

கருவி கீழே விழுந்தால் மறுபடி சோதியுங்கள். ஒரே ஐஸ் டம்ளரில் ஒருமுறை 1, மறுமுறை 4 என்று மாற்றிக் காட்டினால் எந்தக் கணக்கும் உதவாது. தூக்கிப் போட வேண்டியதுதான்.